கல்யாண வி.எச்.எஸ். கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி: டிராக்கிங் கோடு முதல் டீஇன்டர்லேசிங் வரை

வீட்டு அலமாரியில் கிடக்கும் கல்யாணக் கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்ற முனைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கேசட்டை எடுத்துக்கொள்கிறேன். அது எங்கள் உறவில் நடந்த ஒரு திருமணத்தின் ஈ-180 வகை வி.எச்.எஸ். நாடா, மூன்று மணி நேரம் ஓடும், இந்தியாவில் பதிவானது என்பதால் பால், அதாவது PAL என்ற வீடியோ முறையில் உள்ளது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் பதிவான கேசட்டுகளுக்கும் இதே வழி பொருந்தும். அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த கேசட்டுகள் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும், அவற்றுக்குக் கீழே வரும் எண்கள் பொருந்தா.

இந்த வேலை முழுவதையும் ஆள்வது ஒரே ஒரு வரிசைமுறைதான். சில குறைகளை நாடா டெக்கில் ஓடும்போது மட்டுமே சரிசெய்ய முடியும். சிலவற்றைக் கணினியில் பிறகு செய்வதே நல்லது. படத்தின் குறுக்கே வெள்ளைப் பொறிப் பட்டையாகத் தெரியும் டிராக்கிங் கோடு முதல் வகை. அசைவில் வரிவரியாகப் பிளந்து தெரியும் இன்டர்லேஸ் படத்தைச் சீராக்கும் டீஇன்டர்லேசிங்கும், அகல உயர விகிதமும் இரண்டாம் வகை. கடைகளில் கெட்டுப்போய் வரும் கோப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் இடம் மாற்றிச் செய்ததால் கெட்டவை.

1. டெக்கில் போடுவதற்கு முன் கேசட்டைப் பாருங்கள்

முதலில் கேசட்டின் முதுகுப் பக்கத்தில், இடது ஓரத்தில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். அது இல்லாத கேசட்டில் டெக் பதிவு செய்யாது; கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் படம் அழியாது.

அடுத்து, கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் மேல் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஆரோக்கியமான நாடா ஒரே கறுப்பாகப் பளபளக்கும். வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் பொடி தூவியதுபோல் புள்ளிகளோ வளையங்களோ தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் இரும்பு பீரோவில் பல ஆண்டு கிடந்த கேசட்டுகளில் இது மிகச் சாதாரணம். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே ஓட்டினால் ஹெட் அடைத்துக்கொள்வதோடு, அடுத்து அதே டெக்கில் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அதைத் தனியாக ஒதுக்கிவைத்து, பூஞ்சை சுத்தம் செய்து தரும் ஆளிடம் கொடுங்கள். அந்தச் செலவு மற்ற எல்லாச் செலவையும்விட அதிகமாக இருக்கலாம். ஆனாலும் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பூஞ்சை இல்லையென்றால் கேசட்டை ஒருமுறை முழுவதும் முன்னோட்டி, பின்னோட்டுங்கள். பல ஆண்டு அசையாமல் இருந்த சுருள் ஒரே சீரான இறுக்கத்துக்கு வரும். ஓட்டும்போது கிறீச்சிடும் சத்தமோ இழுவையோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

2. கருவிகளும் செலவும்

செலவில் பெரும்பகுதியை டெக்குக்கு ஒதுக்குங்கள். புதிய வி.சி.ஆர். தயாரிப்பு 2016-ஆம் ஆண்டோடு நின்றுபோய்விட்டது. ஆகவே கிடைப்பதெல்லாம் பழையதுதான். சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தபோது எனக்குச் சொல்லப்பட்ட விலைகள் ஏறத்தாழ 3,000 முதல் 8,000 ரூபாய் வரை இருந்தன. விலையைவிட முக்கியமானது, உங்கள் கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பார்த்து வாங்குவது. பெல்ட்டும் பிஞ்ச் ரோலரும் மாற்றப்பட்டவையா என்று கேளுங்கள். வெறும் வி.சி.பி.யாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் டிராக்கிங்கைக் கையால் திருப்பும் வசதி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். தானியங்கி டிராக்கிங் மட்டுமே உள்ள டெக்கை நான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது, டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினியில் பதிவுசெய்ய உதவும் யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் கருவி. சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளோடு எஸ்-வீடியோ துளையும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வி.எச்.எஸ். நாடாவில் ஒளியும் நிறமும் தனித்தனியாகப் பதிவாகியிருப்பதால், டெக்கிலும் எஸ்-வீடியோ இருந்தால் அவை கலக்காமலேயே வந்து சேரும். எழுத்துகளின் ஓரத்தில் ஊரும் புள்ளிகள் இராது. பெரும்பாலான வீட்டு டெக்குகளில் மஞ்சள் முனை மட்டுமே இருக்கும். அதுவும் போதும்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. ஏ.வி. முனையை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தரும் சிறு பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை படத்தை 16:9 ஆக இழுத்து, தாமாகவே மோசமாக டீஇன்டர்லேஸ் செய்து அனுப்பிவிடும். அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் மூலப் படத்தைத் திரும்பப் பெற முடியாது.

நேர்க்கோடுகள், அதாவது கதவு நிலையும் மண்டபத் தூணும், பாம்புபோல நெளிந்து தெரிந்தால் டி.பி.சி. எனப்படும் நேரத் திருத்தி தேவைப்படுகிறது. தனிக் கருவியாக வாங்கினால் விலை அதிகம். பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் இணைத்தால், அதில் பதிவு செய்யாமல் படத்தைக் கடத்தினாலே நெளிவு பெருமளவு அடங்குவது உண்டு. பானசோனிக் டி.எம்.ஆர்-இ.எஸ்.10, இ.எஸ்.15 ஆகிய மாடல்கள் இதற்காகவே பெயர் பெற்றவை. எல்லா ரெக்கார்டரும் இப்படிச் செய்வதில்லை.

வன்தட்டில் இடம்: தர இழப்பில்லாத ஹஃப்யூவி முறையில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 ஜி.பி. ஆகும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 100 ஜி.பி. காலியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தட்டு FAT32 வடிவில் இருந்தால் 4 ஜி.பி.யிலேயே கோப்பு நின்றுவிடும். NTFS அல்லது exFAT ஆக மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

3. கோடு எங்கே வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

எந்தக் கோட்டைக் கண்டாலும் "டிராக்கிங்" என்றே நம்மவர் சொல்வது வழக்கம். ஆனால் அவற்றில் குறைந்தது நான்கு வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

படத்தின் அடியில் எட்டுப் பத்து வரிகள் எப்போதும் கிழிந்து, பக்கவாட்டில் நகர்ந்து துடித்தால் அது குறையே அல்ல. சுழலும் டிரம்மில் உள்ள இரண்டு ஹெட்டுகளில் ஒன்று படத்தை விட்டு மற்றொன்று பிடிக்கும் இடம் அது. பழைய டி.வி.க்கள் ஓரத்தைத் திரைக்கு வெளியே மறைத்துவிட்டதால் நாம் அதைப் பார்த்ததில்லை. டிராக்கிங்கைத் திருப்பி அதைப் போக்க முயல்வது வீண் வேலை.

படத்தின் நடுவிலோ மேலிலோ வெள்ளைப் பொறிகளாக ஒரு பட்டை நின்றால், அல்லது மெதுவாக மேலும் கீழும் நகர்ந்தால் அதுதான் உண்மையான டிராக்கிங் கோடு. நாடாவில் படம் சாய்ந்த தடங்களாகப் பதிந்திருக்கிறது. ஹெட் அந்தத் தடத்தின் மேல் சரியாக ஓடாமல் விலகி ஓடும் இடத்தில் பொறி தெரிகிறது. தானியங்கி டிராக்கிங்கை அணைத்து, பொத்தானை ஒரு பக்கமாகக் கோடு அதிகமாகும்வரை அழுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கம் அதேபோல் அதிகமாகும்வரை அழுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். எந்த நிலையிலும் கோடு போகாமல், படத்தின் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் டெக்கின் வழிகாட்டித் தூண்கள் உயரம் மாறியிருக்கின்றன. அதை நீங்களே திருகாதீர்கள். அதே கேசட்டை வேறொரு டெக்கில் போட்டுப் பார்ப்பதே எளிய தீர்வு.

ஓடிக்கொண்டிருந்த படம் திடீரெனப் பனிமழைபோல் ஆனால் ஹெட் அழுக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத மெல்லிய தோல் துண்டையோ தடித்த வெள்ளைத் தாளையோ டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மட்டும் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சைப் பயன்படுத்தினால் நூலிழை மாட்டிக்கொண்டு அதே கதிதான். ஆல்கஹால் நன்றாக உலரும்வரை கேசட்டைப் போடக் கூடாது.

நான்காவது, ஒரு குறிப்பிட்ட நொடியில் மட்டும் பட்டை ஒன்று படத்தைக் கடந்து போய், மறுபடி ஓட்டினாலும் அதே நொடியில் வருவது. அங்கே நாடா மடங்கியோ தேய்ந்தோ இருக்கிறது. கல்யாணக் கேசட்டில் இது எங்கே இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்: தாலி கட்டும் இடம். வந்தவருக்கெல்லாம் அந்த இடத்தைத்தானே போட்டுக் காட்டி, நிறுத்தி, "இது யாரு தெரியுதா?" என்று கேட்டிருப்போம். பாஸ் பொத்தானை அழுத்தியிருக்கும்போது நாடா நின்றாலும் டிரம் சுழன்றுகொண்டே ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

ஒலியும் ஒரு தடயம் தரும். நாடாவின் மேல் விளிம்பில் ஒலித் தடமும், கீழ் விளிம்பில் டெக்கின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடமும் உள்ளன. ஒலி மட்டும் மங்கி மங்கி வந்தால் மேல் விளிம்பு நசுங்கியிருக்கிறது. ஒலி சரியாக இருக்க, படம் மட்டும் அடிக்கடி டிராக்கிங்கை இழந்தால் கீழ் விளிம்பைச் சந்தேகிக்கலாம்.

4. இன்டர்லேஸ் படத்தை அப்படியே பிடியுங்கள்

நான் பயன்படுத்தியது விண்டோசில் ஓடும் விர்ச்சுவல்டப்2 என்ற மென்பொருள். கேப்சர் நிலைக்குச் சென்று, உள்ளீட்டு முறையை PAL_B என்றும், அளவை 720x576 என்றும், வண்ண வடிவை YUY2 என்றும், வேகத்தை 25 ஃபிரேம் என்றும், ஒலியை 48000 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். சுருக்கத்துக்கு ஹஃப்யூவி. டீஇன்டர்லேஸ், அளவு மாற்றம், இரைச்சல் நீக்கம் என்று எந்த வடிகட்டியையும் இந்தக் கட்டத்தில் இயக்க வேண்டாம்.

பலர் ஓ.பி.எஸ். மென்பொருளைப் பரிந்துரைக்கிறார்கள். நேரலைக்கு அது அருமையான கருவி. இந்த வேலைக்கு அன்று. இயல்பு அமைப்பில் அது படத்தைத் தன் திரை அளவுக்கு இழுத்து, நிற விவரத்தையும் பாதியாக்கிவிடுவதால், இன்டர்லேஸ் வரிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன.

கேசட் மூன்று மணி நேரம் என்றால் பதிவுக்கும் மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை என்றாலும், பக்கத்துப் பலகையில் காட்டும் Frames dropped எண்ணை அவ்வப்போது பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் நாதசுரக்காரர் கன்னம் உப்பிய பிறகே ஒலி கேட்கும் நிலை வரும். காரணம் பெரும்பாலும் மெதுவான வன்தட்டு, அல்லது நேரத் திருத்தி இல்லாத நடுங்கும் சிக்னல்.

தேய்ந்த இடத்துக்கு ஒரு தனி உத்தி உண்டு. எங்கள் கேசட்டில் தாலி கட்டும் பகுதி ஒரே டிராக்கிங் நிலையில் முழுவதும் சுத்தமாக வரவில்லை. முதல் பாதிக்கு ஒரு நிலை, மாலை மாற்றும் பகுதிக்கு வேறொரு நிலை என்று அந்தச் சில நிமிடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த துண்டை எடுத்து ஒட்டினேன். ஹஃப்யூவியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்பதால், எந்த ஃபிரேமிலும் வெட்டி, மறுபடி சுருக்காமலே Direct stream copy முறையில் சேமிக்கலாம்.

5. ஃபீல்டு வரிசையைச் சோதித்து டீஇன்டர்லேஸ் செய்யுங்கள்

பால் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்டுகள் உள்ளன. ஒற்றைப்படை வரிகள் 288, இரட்டைப்படை வரிகள் 288. இரண்டும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்தவை. அட்சதை தூவும் கையைக் கணினியில் நிறுத்திப் பாருங்கள்: விரல்கள் சீப்புப் பல்லைப்போல வரிவரியாகப் பிளந்து தெரியும். அந்தப் பிளவை நீக்குவதே டீஇன்டர்லேசிங்.

முதலில் எந்த ஃபீல்டு முந்தியது என்று தெரிய வேண்டும். அசைவு நிறைந்த ஒரு பகுதியிலிருந்து, ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருளில் இப்படிச் சோதியுங்கள்:

```
ffmpeg -ss 00:20:00 -i kalyanam.avi -vf idet -frames:v 1500 -an -f null -
```

முடிவில் Multi frame detection என்ற வரியில் TFF எண் பெரிதாக இருந்தால் மேல் ஃபீல்டு முதலில். BFF பெரிதாக இருந்தால் கீழ் ஃபீல்டு முதலில். இத்தகைய கேப்சர் கருவிகளில் வழக்கமாக TFF வரும், DV என்ற டிஜிட்டல் முறைக் கேமராவழியாகப் பிடித்தால் BFF வரும். தவறாகக் கொடுத்துவிட்டால் எப்படித் தெரியும்? நடந்துவரும் ஆள் இரண்டடி முன்னால், ஓரடி பின்னால் என்பதுபோல் உதறி உதறி நகர்வார். அமைதியான காட்சியில் இது புலப்படாது; ஊர்வலக் காட்சியில் பாருங்கள்.

பல மென்பொருள்கள் ஒரு ஃபீல்டை எறிந்துவிட்டு 25 ஃபிரேமாகத் தருகின்றன. அதை ஏற்க வேண்டாம். ஒவ்வொரு ஃபீல்டிலிருந்தும் ஒரு ஃபிரேம் எடுத்து, நொடிக்கு 50 ஃபிரேமாக மாற்றினால்தான் பழைய டி.வி.யில் பார்த்த அதே வழுக்கலான அசைவு கிடைக்கும். இதற்கு bwdif வடிகட்டி போதுமானது. இன்னும் நேர்த்தி வேண்டுமென்றால் QTGMC என்ற வேறொரு டீஇன்டர்லேஸ் முறை உண்டு. ஆனால் அது பல மடங்கு நேரம் எடுக்கும்.

இங்கே மீறக் கூடாத விதி ஒன்று: டீஇன்டர்லேஸ் செய்வதற்கு முன் படத்தின் உயரத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் இரண்டு ஃபீல்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, சீப்புப் பல் மங்கலான பேய் உருவமாக நிலைத்துவிடும்.

6. அகல உயர விகிதம்

720x576 என்பதைச் சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் விகிதம் 5:4. ஆனால் அந்த வீடியோ 4:3 திரைக்காக எடுக்கப்பட்டது. பாலின் புள்ளிகள் சதுரமல்ல. உயரத்தைவிடச் சற்றே அகலமானவை. அதனால் கணினியில் அப்படியே பார்த்தால் எல்லோரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள்.

சரியான கணக்கு இது. 720 புள்ளிகளில் படம் உள்ள பகுதி ஏறத்தாழ 704. இரு ஓரத்திலும் எட்டெட்டுப் புள்ளிகள் பெரும்பாலும் கறுப்பு. அவற்றை வெட்டி, மீதமுள்ள 704x576-ஐ 768x576 ஆக விரித்தால் 4:3 கிடைக்கும். சோதிக்க, மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் நேராகத் தெரியும் ஒரு ஃபிரேமை எடுங்கள். எங்கள் கேசட்டில் அந்தக் கடிகாரம் மூலக் கோப்பில் 96 புள்ளி உயரமும் 88 புள்ளி அகலமுமாக இருந்தது. 88-ஐ 768/704 ஆல் பெருக்கினால் 96, வட்டம் வட்டமாகிவிட்டது.

திரை முழுவதும் நிறைய வேண்டும் என்று 16:9 ஆக இழுக்கச் சொல்லும் உறவினர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்காக மணப்பெண்ணின் முகத்தை மூன்றில் ஒரு பங்கு அகலமாக்காதீர்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரி.

டீஇன்டர்லேசிங், வெட்டு, அடியில் துடிக்கும் வரிகளைக் கறுப்பால் மூடுதல், லேசான இரைச்சல் நீக்கம், விகிதம் ஆகிய அனைத்தையும் அதே வரிசையில் செய்யும் கட்டளை:

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif=mode=send_field:parity=tff,crop=704:576:8:0,drawbox=x=0:y=566:w=704:h=10:color=black:t=fill,hqdn3d=2:1:4:4,scale=768:576:flags=lanczos,setsar=1" -c:v libx264 -preset slow -crf 18 -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k kalyanam.mp4
```

BFF வந்தவர்கள் tff என்பதை bff என்று மாற்றுங்கள். முழுக் கேசட்டுக்கும் இயக்குவதற்கு முன், -i என்பதற்கு முன்னால் -ss 00:20:00 -t 60 என்று சேர்த்து ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். hqdn3d எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சலோடு பட்டுப்புடவைச் சரிகையும் காணாமல் போகும். முகம் மெழுகுப் பொம்மைபோல் ஆகத் தொடங்கும்போது எண்ணைக் குறையுங்கள். பட்டையாக வரும் டிராக்கிங் கோட்டை எந்த வடிகட்டியும் நீக்காது. அங்கே படமே இல்லை. மூன்றாம் படிக்குத் திரும்பி டெக்கில் மறுபடி முயல்வதுதான் வழி.

7. கடையில் கொடுப்பதானால்

டெக் வாங்க விருப்பமில்லாதவர்கள் கடையில் கொடுக்கலாம். "சாஃப்ட்வேர்ல கிளீன் பண்ணிடுவோம் சார்" என்ற பேச்சை விட்டுவிட்டு, இவற்றைக் கேளுங்கள்: கோப்பு 720x576, 25 ஃபிரேம், இன்டர்லேஸ் நீக்காமல் வருமா? ஹஃப்யூவி, அதேபோல் தர இழப்பில்லாத எஃப்.எஃப்.வி.1, அல்லது குறைந்தது DV வடிவில் தருவார்களா? DV வடிவுக்கு மணிக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. ஆகும்; வெளித்தட்டை நீங்களே கொடுத்துவிடுங்கள். மூன்று மணி நேரத்தை ஒரே சாதாரண டிவிடியில் அடக்கித் தருகிறேன் என்றால் நொடிக்கு மூன்றரை மெகாபிட்தான் மிஞ்சும்; கூட்டக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும்.

ரசீதில் கேசட்டுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் மேல் எழுதியிருப்பது, ஒப்புக்கொண்ட கோப்பு வடிவம், திருப்பித் தரும் தேதி ஆகியவை இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் கேசட்டின் எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்து, வந்த கோப்பில் ஐந்தாம் படியில் உள்ள idet சோதனையைச் செய்து பாருங்கள். Progressive எண் பெரிதாக வந்தால், கேட்டதைச் செய்யாமல் ஏற்கெனவே டீஇன்டர்லேஸ் செய்துவிட்டார்கள் என்று பொருள். மீதிக் கேசட்டுகளைக் கொடுக்க வேண்டாம்.

8. யூடியூபில் ஏற்றும்போது

யூடியூப் 720 வரிக்குக் குறைந்த படத்தில் 50 ஃபிரேமைக் காட்டாது, பாதியாக்கிவிடும். ஆகவே அதற்கென ஒரு தனிப் பிரதி எடுங்கள். மேலே உள்ள கட்டளையில் scale பகுதியை இப்படி மாற்றுங்கள்:

```
scale=1440:1080:flags=lanczos:in_color_matrix=bt601:out_color_matrix=bt709
```

அத்துடன் கடைசியில் உள்ள kalyanam.mp4 என்பதை வேறு பெயராக மாற்றி, அதற்கு முன்னால் -colorspace bt709 என்றும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் குங்குமச் சிவப்பும் தோலின் நிறமும் சற்றே மாறித் தெரியும்.

கல்யாண வீடியோக்காரர்கள் பின்னணியில் சினிமாப் பாட்டைச் சேர்த்திருப்பார்கள் என்பதால், தனிப்பட்டதாக ஏற்றினாலும் பதிப்புரிமைக் கோரிக்கை வரக்கூடும். சில பாடல்களுக்கு வீடியோவே முடக்கப்படலாம். உறவினர்களுக்கு அனுப்ப எம்பி4 கோப்பை பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது தொல்லை இல்லாத வழி. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஹஃப்யூவி மூலக் கோப்பை எஃப்.எஃப்.வி.1 ஆக மாற்றினால் தரம் குறையாமல் அளவு இன்னும் சிறிதாகும். அதை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் வைத்த பிறகு, கேசட்டை முழுவதும் பின்னோட்டி, புத்தகம்போல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.